விளம்பர வாசகத்தை மறுஆக்கம் செய்வது எப்படி: ஒரு மெத்தை வாசகத்தை முன்வைத்து

ஒரு விளம்பர வாசகத்தைச் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கும்போது இரண்டு வகையில் அது கெட்டுப்போகிறது. பொருள் சரியாக இருந்தும் சப்பென்று ஆகிவிடுவது ஒரு வகை. படிப்பவர் முகம் சுளிக்கும்படி ஆகிவிடுவது மற்றொரு வகை. புதிதாக இத்துறைக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே சிக்கலாக எடுத்துக்கொண்டு, நல்ல சொல் கிடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் என்று அகராதியைப் புரட்டத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் சிக்கல் சொல்லில் இருப்பதில்லை. வாசகம் எந்தக் காட்சியை எழுப்புகிறது, யார் யாரிடம் பேசுவதாக அமைந்திருக்கிறது, அதன் வேடிக்கை எந்த இடத்தில் விழுகிறது என்பவற்றில்தான் இருக்கிறது. அந்த வாசகம் செய்த வேலையைப் புதிய மொழியில் புதிதாகச் செய்துகாட்டுவதற்குத்தான் மறுஆக்கம் என்று பெயர். தொழிலில் இதை டிரான்ஸ்கிரியேஷன் என்றே பலரும் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே ஓர் எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறது. மெத்தை தயாரிக்கும் ஒரு நிறுவனம் ஆங்கிலத்தில் ‘டெட் டு த வேர்ல்டு. அன்டில் செவன்.’ என்ற வாசகத்தை வைத்திருப்பதாகவும், அதைத் தமிழுக்குக் கொண்டுவரும்படி உங்களிடம் கேட்பதாகவும் கொள்வோம். நிறுவனம் கற்பனையானது, ஆனால் இதில் வரும் சிக்கல்கள் எல்லாம் இத்தகைய வேலையில் உண்மையாகவே எழுபவை. வாசகத்தின் முதல் பாதி ஆங்கிலத்தில் அசைவற்ற ஆழ்ந்த தூக்கத்தைக் குறிக்கும் மரபுத்தொடர், அதன் நேர்ப்பொருள் ‘உலகைப் பொறுத்தவரை இறந்துவிட்டவர்’ என்பது. இரண்டாம் பாதி ‘ஏழு மணி வரை’ என்று சொல்லி, முதல் பாதி தந்த அதிர்ச்சியைப் புன்னகையாக மாற்றிவிடுகிறது.

எழுதுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாசகத்தை மட்டும் ஒற்றை வரியாக அனுப்பி ‘தமிழில் வேண்டும்’ என்று கேட்டால் வேலையைத் தொடங்காதீர்கள். இந்த வாசகம் எங்கெல்லாம் வரப்போகிறது என்பதே முதல் கேள்வி. மெத்தையின் ஓரத்தில் தைக்கும் துணிப்பட்டையில் வருவதும், பெரிய விளம்பரப் பலகையில் வருவதும், ஒரு குரல் உரக்கச் சொல்வதும், கைபேசித் திரையின் சிறு கட்டத்தில் அடங்குவதும் வெவ்வேறு தேவைகள். அடுத்து, யாருக்கு விற்கிறார்கள் என்று கேளுங்கள். ‘தமிழர்களுக்கு’ என்ற விடை போதாது. எந்த வயதினர், எந்த நாடுகளில் வாழ்பவர்கள், வாங்கும் முடிவை வீட்டில் யார் எடுக்கிறார் என்பது தெரிந்தால்தான் பேச்சுநடையா எழுத்துநடையா என்று தீர்மானிக்க முடியும். மூன்றாவது, வாசகத்தோடு வரும் படம். படத்தைக் காட்டாமல் வாசகத்தை மட்டும் கொடுப்பவர்களிடம் படத்தை வற்புறுத்திக் கேட்டு வாங்குங்கள். நம் எடுத்துக்காட்டில் அது ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பின்னால் தெரியும்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது என்பதையும் இந்தக் கட்டத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ‘ஏழு’ என்ற எண் இருந்தே ஆக வேண்டுமா? நகைச்சுவை இருந்தே ஆக வேண்டுமா? முதுகுவலி தீரும் என்பது போன்ற மருத்துவ உறுதிமொழி எதுவும் வரக் கூடாது என்று அவர்களுடைய சட்டப் பிரிவு சொல்லியிருக்கிறதா? நம் மெத்தை நிறுவனம் தந்த விடைகள் இவை: எண் இருந்தால் நல்லது, ஏனென்றால் எல்லா நாடுகளிலும் ஏழு மணி காட்டும் கடிகாரம்தான் விளம்பரப் படத்தில் வருகிறது, குறும்பு கட்டாயம் வேண்டும், உடல்நலம் பற்றிய உறுதிமொழி கூடாது.

ஊதியத்தையும் இப்போதே பேசிவிடுங்கள். ஆங்கில வாசகத்தில் ஆறே சொற்கள்தான் இருக்கின்றன. சொல்லுக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் ஒரு நாள் உழைப்புக்கும் கட்டுப்படியாகாது. இத்தகைய வேலைக்கு மணிக்கணக்கிலோ, வாசகம் ஒன்றுக்கு இவ்வளவு என்றோ கேட்பதே முறை.

வாசகத்தைப் பிரித்துப் பார்த்தல்

இப்போது மூல வாசகம் செய்யும் வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள். நம் வாசகம் நான்கு வேலைகளைச் செய்கிறது. எதனாலும் கலையாத தூக்கம் கிடைக்கும் என்று உறுதி தருகிறது. முதலில் திடுக்கிட வைத்து உடனே ஆறுதல் தருகிறது. உலகத்தை அலட்சியமாகத் தள்ளி வைக்கும் மிடுக்கு அதில் இருக்கிறது. சொல்லி முடிக்க இரண்டு மூச்சுதான் ஆகிறது. மரணம் என்பது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் திடுக்கிட வைக்கும் கருவி மட்டுமே, ஆகவே கருவியை மாற்றலாம். தொடக்கத்தில் இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள் ‘இறந்த’ என்ற சொல்லை எப்படி நாகரிகமாகச் சொல்வது என்ற பயனற்ற தேடலில் நேரத்தை இழக்கிறார்கள்.

எதை வைத்துக்கொண்டு எதை விடலாம் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று இருக்கிறது. ஜெர்மனியின் ஹரிபோ இனிப்பு நிறுவனத்தின் வாசகம், ‘ஹரிபோ குழந்தைகளை மகிழ்விக்கிறது, பெரியவர்களையும் அப்படியே’ என்ற பொருள் தருவது. ஜெர்மன் மொழியில் அது ‘ஹரிபோ’, ‘ஃப்ரோ’, ‘எபன்ஸோ’ என்ற ஓகார ஒலிகளில் இயைந்து பாட்டாக ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அதை ‘கிட்ஸ் அண்ட் குரோன்-அப்ஸ் லவ் இட் ஸோ, த ஹேப்பி வேர்ல்டு ஆஃப் ஹரிபோ’ என்று ஆக்கினார்கள். முதலில் நின்ற பெயர் கடைசிக்குப் போயிருக்கிறது, ஜெர்மனில் இல்லாத ‘மகிழ்ச்சியான உலகம்’ புதிதாக வந்திருக்கிறது. ஆனால் குழந்தைகள் பெரியவர்கள் என்ற இணையும், ஓகார இயைபும், பாடத்தக்க அமைப்பும் அப்படியே நிற்கின்றன. அந்த இனிப்புக்கு வாசகம் பாடலாக இருப்பதுதான் உயிர்நாடி என்பதைக் கண்டுகொண்டு, மற்றவற்றை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். நம் மெத்தைக்கு உயிர்நாடி எது என்று கேட்டால், உலகத்தைத் தள்ளி வைக்கும் அந்த மிடுக்குதான் என்பேன்.

கெடுவது எங்கே என்று கண்டறிதல்

நேர் மொழிபெயர்ப்பை ஒருமுறை எழுதிப் பார்ப்பது நல்லது. அதை யாருக்கும் அனுப்பப் போவதில்லை, எங்கே கெடுகிறது என்று பார்ப்பதற்காகத்தான் எழுதுகிறோம். ‘உலகுக்கு இறந்தவர். ஏழு மணி வரை.’ படுக்கையும் சாவும் ஒரே காட்சியில் வந்துவிட்டன. புது மெத்தை வாங்கும் வீட்டில் யாரும் கேட்க விரும்பாத சொற்கள் இவை. தமிழில் அமங்கலமானதை நேரே சொல்லாமல் மங்கலமாக மாற்றிச் சொல்வது நெடுங்கால வழக்கம். செத்தார் என்பதை இயற்கை எய்தினார் என்பதும், விளக்கை அணைப்பதைக் குளிரவைப்பது என்பதும் அதில் அடங்கும், இலக்கண நூலார் இதை மங்கலம் என்றே பெயரிட்டு வகுத்திருக்கிறார்கள். ஆகவே நாகரிகமான சொல்லுக்கு மாறலாம் என்று தோன்றும். இங்கேதான் பொறி இருக்கிறது. இறப்புக்குத் தமிழ் வைத்திருக்கும் மங்கலச் சொற்களில் பல, தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டவை. ‘கண் மூடினார்’, ‘மீளாத் துயில் கொண்டார்’ என்றுதான் அஞ்சலிச் சுவரொட்டிகள் பேசுகின்றன. ‘துஞ்சுதல்’ என்ற பழஞ்சொல்லுக்கு உறங்குதல், இறத்தல் என இரண்டு பொருளும் உண்டு. மன்னர்கள் இறந்த இடத்தைச் சொல்லவே சங்கப் பாடல்களின் குறிப்புகள் அச்சொல்லைப் பயன்படுத்தின.

எனவே இந்த வாசகத்தில் ‘இறந்த’ என்ற சொல்லை மென்மையாக்குவது சிக்கலைப் பெரிதாக்கும். மேலும் ஒரு படி சென்று, சாவைக் குறிக்காத தூக்கச் சொற்களையும் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது. ‘துயில்’ கேட்க அழகாக இருக்கிறது என்று பலர் மெத்தை விளம்பரத்துக்கு அதை எடுக்க விரும்புவார்கள். ஆனால் ஈழத்தில் போரில் மாண்டவர்களைப் புதைத்த இடங்களுக்குத் துயிலும் இல்லம் என்று பெயர். ஈழத்தமிழர் வாழும் நாடுகளிலும் உங்கள் வாசகம் போகப்போகிறது என்றால், ‘துயில்’, ‘இல்லம்’ ஆகிய சொற்கள் அருகருகே வரவே கூடாது. ‘நிம்மதியான உறக்கம்’, ‘அமைதியாக உறங்குங்கள்’ என்பவற்றிலும் அஞ்சலியின் சாயல் இருக்கிறது. எஞ்சி நிற்பது ‘தூக்கம்’, ‘தூங்கு’ என்ற அன்றாடச் சொற்கள். அவற்றில் உயிரும் இருக்கிறது, சாவின் நிழலும் மற்றவற்றைவிட மிகக் குறைவு.

படத்தைக் கேட்டு வாங்கச் சொன்னது இதற்காகவே. ஆங்கில விளம்பரத்தின் படத்தில் ஒருவர் வெள்ளை விரிப்பின் மேல் மல்லாந்து, கைகளை மார்பில் கோத்து, நேராகப் படுத்திருக்கிறார் என்றும் தலைமாட்டில் ஒரு சிறு விளக்கு எரிகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆங்கில வாசகரின் கண்ணுக்கு அது நேர்த்தியான படுக்கையறை. தமிழ் வீட்டில் தலைமாட்டில் விளக்கு எரிவது எப்போது என்று சொல்லத் தேவையில்லை. வாசகத்தை எவ்வளவு திறமையாக மாற்றினாலும் இந்தப் படம் அதை மீண்டும் பழைய இடத்துக்கே இழுத்துவிடும். ஒருக்களித்துக் கால்களைப் பரப்பித் தூங்கும் ஒருவரின் படம் வேண்டும், விளக்கை எடுத்துவிட வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். படம் என் வேலை இல்லை என்று ஒதுங்கும் எழுத்தாளரின் வாசகம் அச்சில் தோற்கும்.

மறு எல்லைக்குப் போய் எல்லா ஆபத்தையும் நீக்கினால் கிடைப்பது, ‘காலை ஏழு மணி வரை ஆழ்ந்த தூக்கம்.’ இதில் தவறு ஒன்றும் இல்லை, ஆனால் யாரும் இதைத் திரும்பச் சொல்ல மாட்டார்கள். நான்கு வேலைகளில் முதலாவது மட்டும் நடந்திருக்கிறது. திடுக்கிடலும் இல்லை, மிடுக்கும் இல்லை, யாரோ ஒருவர் பேசுவது போன்ற குரலும் இல்லை. சப்பென்று இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லும்போது அவர் குறிப்பிடுவது பெரும்பாலும் இந்தக் குரலின்மையைத்தான். தகவலை ஒரு குறிப்புச்சீட்டு சொல்வது போலச் சொல்லிவிட்டோம், மனிதர் யாரும் அதைச் சொல்லவில்லை.

குரலைத் தேடி எழுதுதல்

இனி எழுதலாம். ஒரு திசையில் ஒன்றிரண்டு எழுதிவிட்டு அடுத்த திசைக்கு மாறுங்கள். ஒரே திசையில் இருபது வரி எழுதுவது சொற்களை இடம் மாற்றிப் பார்ப்பதாகவே முடியும்.

தமிழில் ஏற்கெனவே இருக்கும் தூக்க மரபுத்தொடர்கள் ஒரு திசை. ‘அடித்துப் போட்டாற்போல் தூக்கம்’ வலுவானது, ஆனால் அது உடல் களைப்பைப் பேசுகிறது, மெத்தையின் பெருமை அதில் இல்லை. கும்பகருணன் பெயரை இழுத்தால் தூங்குபவர் கேலிக்குள்ளாகிறார், வாங்குபவரைக் கேலி செய்து மெத்தை விற்க முடியாது. ‘உலகத்தையே மறந்து தூங்கினேன்’ என்பது நல்ல கிடைப்பு, மூலத்தில் இருக்கும் உலகமும் அதில் இருக்கிறது. அதிலிருந்து ‘உலகமே மறந்துபோச்சு. ஏழு மணி வரைக்கும்.’ என்ற வரி பிறக்கிறது. முன்பாதியில் ஏதோ ஆகிவிட்டதோ என்ற சிறு கலக்கம், பின்பாதியில் ஆறுதல். மூலத்தின் அமைப்பு அப்படியே வந்துவிட்டது. ஒருவர் காலையில் எழுந்து பேசுவது போன்ற குரலும் இருக்கிறது. குறை என்னவென்றால் பேச்சுநடையில் மட்டுமே இதற்கு உயிர், ‘மறந்துபோயிற்று’ என்று எழுதிய அடுத்த நொடி அது போய்விடுகிறது. மேலும், மறதி என்பது சில காதுகளுக்கு நோயை நினைவூட்டும்.

தூங்குபவரை விட்டுவிட்டு உலகத்தோடு பேசுவது மற்றொரு திசை. ‘உலகமே, ஏழு மணிக்கு வா.’ இதில் எனக்குப் பிடித்தது, தமிழ் விளம்பரத்தில் எப்போதும் வரும் ஒரு தொல்லையை இது தீர்த்துவிடுகிறது என்பதுதான். ஆங்கிலத்தில் ஏவல் வினைக்கு மரியாதை வேறுபாடு கிடையாது. தமிழில் ‘தூங்கு’ என்றால் அதட்டல், ‘தூங்குங்கள்’ என்றால் மருத்துவர் அறிவுரை. இங்கே ஏவல் உலகத்தைப் பார்த்துச் சொல்லப்படுவதால் ஒருமையே மிடுக்காகிறது, வாசகர் அந்த மிடுக்கில் பங்கேற்கிறார். சொற்களை மாற்றி ‘ஏழு மணிக்கு வா, உலகமே’ என்று எழுதினால் யாரையோ அழைக்கிறார்கள் என்று தொடங்கி, அது உலகம் என்று கடைசியில் தெரியவரும், வேடிக்கை கூடும். ஆனால் குறுகிய திரையில் வரி உடைந்து ‘ஏழு மணிக்கு வா’ மட்டும் முதலில் தெரிந்தால், படிப்பவரையே ஒருமையில் அதட்டியதாகிவிடும். ஆகவே அழகில் ஒரு படி குறைந்தாலும் முதல் வடிவமே பாதுகாப்பானது.

ஒலியின் வழியே போவது மூன்றாவது திசை. ஏழு, எழு என்ற ஒலி ஒற்றுமை தமிழில் தானாகவே கிடைக்கும் கொடை. ‘ஏழுக்கு எழு’ என்று எழுதியதும் மகிழ்ச்சியாக இருக்கும். அந்த மகிழ்ச்சி சற்று அடங்கட்டும் என்று விட்டுவைத்துப் பிறகு பாருங்கள். முதலாவது, அது எழுவதை விற்கிறது, மெத்தையைவிடக் கடிகாரத்துக்குப் பொருந்துகிறது. இரண்டாவது, ‘எழு’ என்ற ஒற்றை ஏவல் மேடை முழக்கம் போல் ஒலிக்கிறது. மூன்றாவது, அச்சில் பார்ப்பவர் எழுத்துப்பிழை என்று நினைப்பார். இதை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள், தூக்கி எறிய வேண்டாம்.

நான்காவது திசை, தூக்கத்தைக் கலைக்க வருவதைச் சவாலுக்கு அழைப்பது. ‘இடி விழுந்தாலும் எழாத தூக்கம்’ என்ற பேச்சுவழக்கிலிருந்து ‘இடியே விழட்டும். ஏழு மணிக்குப் பார்க்கலாம்.’ என்ற வரி வருகிறது. மிடுக்கு முழுமையாக இருக்கிறது. ‘பார்க்கலாம்’ என்று அலட்சியமாகத் தள்ளிவைப்பது தமிழர் நாள்தோறும் செய்வது. ஆனால் ‘தலையில் இடி விழ’ என்பது தமிழில் சாபம். வீட்டுக்குள் வரும் பொருளின் மேல் ‘இடி விழட்டும்’ என்று அச்சிட முடியாது. விழுவது சாபம், இடிப்பது இயற்கை. ‘இடி இடிக்கட்டும்’ என்று ஒரு வினையை மாற்றினால் சாபம் நீங்கி வானிலை மட்டும் மிஞ்சுகிறது. மேலும் ஒரு நன்மை: இகரமும் ஏகாரமும் மோனைக்கு இன எழுத்துகள், ஆகையால் இடி, ஏழு என்று இரண்டு வாக்கியங்களும் தொடங்குவது காதில் இணைகிறது.

இன்னும் ஒரு குறை எஞ்சியிருக்கிறது. ‘இடி இடிக்கட்டும். ஏழு மணிக்குப் பார்க்கலாம்.’ என்பதைப் படமில்லாமல் கேட்பவர் குடையோ கூரையோ விற்கிறார்கள் என்று நினைக்கக்கூடும். மூலத்தில் தூக்கம் மரபுத்தொடருக்குள்ளேயே இருந்தது, நம் வரியில் அது விழுந்துவிட்டது. ஒதுக்கிவைத்த ‘எழு’ இங்கேதான் உதவிக்கு வருகிறது: ‘இடி இடிக்கட்டும். ஏழு மணிக்கு எழுந்து பார்க்கலாம்.’ எழுந்து என்ற ஒரே சொல் தூக்கத்தை உள்ளே கொண்டுவந்துவிட்டது. ஏழு, எழுந்து என்ற ஒலியிணைவும் எழுத்துப்பிழை என்ற ஐயத்துக்கு இடமின்றி இயல்பாக அமைந்துவிட்டது. ஆங்கில வாசகத்தின் இறப்பும் போய்விட்டது, உலகமும் போய்விட்டது, ஆனால் நான்கு வேலைகளும் நடக்கின்றன. நான் முதலிடத்தில் வைப்பது இந்த வரியைத்தான்.

வாடிக்கையாளருக்கு அனுப்பும் முறை

மூன்று வரிகள் அனுப்புங்கள். மூலத்துக்கு நெருக்கமாக ஒன்று, சற்று விலகி ஒன்று, துணிந்து விலகி ஒன்று. நம் வேலையில் மறந்துபோச்சு, உலகமே வா, இடி இடிக்கட்டும் என்ற வரிசை தானாகவே அமைகிறது. மூன்றும் உங்கள் பெயரைத் தாங்கத் தகுதியானவையாக இருக்க வேண்டும். எண்ணிக்கைக்காக வலுவற்ற ஒன்றைச் சேர்த்தால் சில வேளைகளில் அதையே தேர்ந்துவிடுவார்கள், பிறகு அதை நீங்கள்தான் சுமக்க வேண்டும்.

ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு குறிப்புகள் வேண்டும். முதலாவது மீள்மொழிபெயர்ப்பு, அதாவது தமிழ் தெரியாத வாடிக்கையாளருக்காக வரியை அவர் மொழிக்குத் திருப்பிச் சொல்வது. அது கரடுமுரடாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும். ‘இடி முழங்கினால் முழங்கட்டும், ஏழு மணிக்கு எழுந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்பதை அப்படியே அவர் மொழியில் சொல்லுங்கள். அழகான ஆங்கில வாசகமாக மாற்றித் தந்தால் அவர் ரசித்து ஒப்புதல் தருவது உங்கள் ஆங்கிலத்துக்கே, தமிழுக்கு அல்ல. இரண்டாவது விளக்கக் குறிப்பு. எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள், அதற்கு ஈடாகத் தமிழ் தந்தது என்ன என்பதை நான்கைந்து வாக்கியங்களில் சொல்ல வேண்டும். படுக்கையும் சாவும் தமிழில் சேர்ந்து வருவதன் விளைவை இங்கே தயக்கமின்றி எழுதுங்கள். ‘பண்பாட்டுக்கு ஒவ்வாது’ என்று பொதுவாக எழுதினால் அவர்கள் நம்ப மாட்டார்கள், தலைமாட்டு விளக்கைச் சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள்.

சட்டப் பிரிவுக்கு ஒரு வரி தனியாக எழுத வேண்டியிருக்கும். இடி இடித்தாலும் விழிக்காத தூக்கம் என்பது மெத்தை ஒலியைத் தடுக்கும் என்ற உறுதிமொழியாகப் படிக்கப்படுமா என்று அவர்கள் கேட்பார்கள். இது வெளிப்படையான மிகைக்கூற்று என்று நீங்கள் கருத்துச் சொல்லலாம், முடிவு அவர்களுடையது.

நீளத்தைப் பற்றியும் குறிப்பிடுங்கள். பல விளம்பரத் தளங்கள் கட்டங்களுக்கு 30 எழுத்து என்பது போன்ற வரம்பு வைக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தமிழ் எழுத்தும் கணினி எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. ‘தூக்கம்’ நமக்கு நான்கு எழுத்து, ஒருங்குறியில் துணைக்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் அது ஏழு. ‘ஏழு மணிக்கு எழுந்து பார்க்கலாம்’ என்பதை இடைவெளிகளோடு விரலால் எண்ணினால் 19 வருகிறது, கணினி 31 என்று சொல்லி நிராகரிக்கும். அந்தக் கட்டத்துக்கு மட்டும் ‘ஏழுக்கு எழுந்து பார்க்கலாம்’ என்று சுருக்கினால் 27-இல் அடங்கிவிடும். இந்தச் சுருக்க வடிவத்தை நீங்களே தராவிட்டால், தமிழ் தெரியாத ஒருவர் கடைசி நேரத்தில் ஏதோ ஒரு சொல்லை வெட்டிவிடுவார்.

ஆட்களிடம் சோதித்தல்

மூல வாசகத்தை அறியாத ஐந்தாறு பேரிடம் வரிகளைக் காட்டுங்கள். அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர் ஒருவரும், வேறு நாட்டில் வளர்ந்த தமிழர் ஒருவரும் கட்டாயம் இருக்கட்டும். ‘நன்றாக இருக்கிறதா?’ என்று கேட்காதீர்கள், எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். இதைச் சொல்வது யார், என்ன விற்கிறார்கள், நீங்கள் இதை எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். சப்பென்ற வரிக்கு அடையாளம், மறுநாள் கேட்டால் கருத்தை மட்டும் சொல்வார்களே தவிரச் சொற்களைச் சொல்ல மாட்டார்கள். புண்படுத்தும் வரிக்கு அடையாளம் சொற்களில் வராது, பதிலுக்கு முன் வரும் சிறு தயக்கத்திலோ, சிரிக்கக் கூடாத இடத்தில் வரும் சிரிப்பிலோ வரும். அந்தத் தயக்கத்தைக் கண்டால் அங்கேயே நின்று என்ன நினைவுக்கு வந்தது என்று மென்மையாகக் கேளுங்கள்.

இல்லாத ஆபத்தைக் கற்பனை செய்வதும் ஒரு கேடுதான். ஷெவர்லே நோவா என்ற கார் ஸ்பானிய மொழி நாடுகளில் விற்கவில்லை, ஏனென்றால் ‘நோ வா’ என்றால் ஸ்பானியத்தில் ‘போகாது’ என்று பொருள் என்ற கதை இத்துறையில் ஓயாமல் சொல்லப்படுகிறது. உண்மையில் அந்தக் கார் மெக்ஸிகோவிலும் வெனிசுவேலாவிலும் விற்றது. முதலசையில் அழுத்தம் பெறும் ஒரே சொல்லை ஸ்பானியர் காது இரண்டு சொற்களாகப் பிரித்துக் கேட்பதில்லை. அகராதியை வைத்து நீங்கள் கண்டுபிடிக்கும் ஆபத்து கேட்பவர் காதில் இருக்கிறதா என்பதையும் இதே ஐந்தாறு பேரிடம்தான் தெரிந்துகொள்ள முடியும். ‘இடிக்கட்டும்’ என்பது கட்டடத்தை இடிப்பதாகத் தோன்றுமோ என்ற ஐயம் நம் வரியைப் பற்றி எழலாம். ‘இடி இடிக்கட்டும்’ என்று சேர்ந்து வரும்வரை அப்படி யாருக்கும் தோன்றாது. வரி உடைந்து இரண்டாம் சொல் தனித்து நின்றால் தோன்றும். ஆகவே இவ்விரு சொற்களையும் வெவ்வேறு வரிகளில் பிரிக்கக் கூடாது என்று வடிவமைப்பாளருக்கு எழுதிவிடுங்கள்.

ஒப்புதலுக்குப் பின்

வரி தேர்வானதும் கோப்பில் ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும். எந்தச் சொற்களைப் பிரிக்கக் கூடாது, சிறு கட்டத்துக்கான சுருக்க வடிவம் எது, துயில், உறக்கம் முதலிய சொற்களைத் துணைவரிகளில் ஏன் தவிர்த்தோம் என்பவை அதில் வர வேண்டும். அடுத்த ஆண்டு வேறொருவர் இதே வாசகத்தைத் தொடர்ந்து எழுதும்போது அந்தக் குறிப்புதான் அவருக்கு வழி. அச்சுக்குப் போகுமுன் வடிவமைப்பு முடிந்த கோப்பை நீங்களே ஒருமுறை படியுங்கள். தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கையாளாத மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதுண்டு, தமிழ் தெரியாத வடிவமைப்பாளர் கண்ணுக்கு அது படாது.

வாசகத்தின் நீட்சிகளையும் முன்கூட்டியே யோசித்துவையுங்கள். ஆங்கிலத்தில் வார இறுதிக்கென்று ‘அன்டில் செவன் தர்ட்டி’ என்று ஒரு வடிவம் வெளியிட நிறுவனம் நினைக்கலாம். அதைத் தமிழாக்கினால் ஏழரை வருகிறது. ஏழரை என்றதும் ஏழரைச் சனி நினைவுக்கு வராத தமிழர் குறைவு, பேச்சில் தொல்லைக்கே ஏழரை என்றுதான் பெயர். வார இறுதி வடிவம் வேண்டுமென்றால் எட்டு மணிக்குப் போகலாம், அல்லது ஒன்பதுக்கும் போகலாம். படத்தில் இருக்கும் கடிகாரத்தின் முள்ளையும் சேர்த்து மாற்றச் சொல்லி அதே பக்கக் குறிப்பில் எழுதிவையுங்கள்.